நூல் ஓவியத்தில் முகம் தெரியவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

வட்டப் பலகையில் சுற்றிவர ஆணி அடித்து, ஒரே கறுப்பு நூலை ஆணிக்கு ஆணி இழுத்து முகம் வரைகிற வேலை பற்றியது இது. ஆணிகளின் வரிசையைக் கணினி நிரல் ஒன்று கணக்கிட்டுத் தரும். நாங்கள் இழுக்க வேண்டியதுதான். நிரல் செய்வது எளிமையான காரியம். நிற்கிற ஆணியிலிருந்து மற்ற எல்லா ஆணிக்கும் கோடு போட்டுப் பார்த்து, படத்தில் எந்தக் கோட்டின் வழியில் அதிகக் கறுப்பு கிடக்கிறதோ அதைத் தெரிவு செய்யும். அந்த வழியிலிருந்து கொஞ்சம் கறுப்பைக் கழித்துவிட்டு, போய்ச் சேர்ந்த ஆணியிலிருந்து திரும்பவும் தேடும். இப்படியே இரண்டாயிரம், மூவாயிரம் கோடுகள்.

படம் பிழைத்தால் அனேகமானோர் ஆணியைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். நான் பார்த்த அளவில் குற்றம் பெரும்பாலும் ஆணியில் இல்லை. நூலின் தடிப்பும் பலகையின் அளவும் நிரலுக்குச் சொல்லப்படாமலே விடப்படுகின்றன. அதனால் அந்தப் பிழை தருகிற அறிகுறியிலிருந்தே தொடங்குகிறேன்.

முகம் முழுவதும் இருண்டு, கன்னமும் மூக்கும் தெரியவில்லை

கோண்டாவிலில் இருக்கிற என் தங்கையின் மகன், அம்மம்மாவின் ஆட்டைத் திவசத்துக்கு வைக்க அவரின் முகத்தை நூலில் செய்தான். தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்தில் ஸ்டூடியோவில் எடுத்த நல்ல தெளிவான படம். 40 சென்ரிமீற்றர் வட்டப் பலகை, 240 ஆணி, தையல்கடையில் வாங்கிய கறுப்புப் பொலியெஸ்டர் நூல். நிரலில் எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டிருக்கிறான்: 500 பிக்சல் படம், கோட்டு எடை 20, கோடுகள் 4000. இழுத்து முடித்துவிட்டுக் கூப்பிட்டான். "மாமா, ஆரம்பத்தில அம்மம்மா மாதிரித்தான் வந்தவ. இப்ப கிட்ட நிண்டு பாத்தாலும் ஆரெண்டு தெரியேல்ல."

அவன் சொன்னதிலேயே விடை இருக்கிறது. ஆரம்பத்தில் வந்த முகம் பிறகு மறைந்தது என்றால், படத்திலும் ஆணியிலும் பிழையில்லை. கோடு கூடிப்போய்விட்டது.

எவ்வளவு கூடியது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பிடிக்கலாம். வட்டத்தின் விளிம்பில் இரண்டு ஆணிகளை இணைக்கிற கோடு, சராசரியாக விட்டத்தின் 64 சதவீத நீளம் இருக்கும். கோடுகளின் மொத்த நீளத்தை நூலின் தடிப்பால் பெருக்கினால், நூல் மூடக்கூடிய மொத்தப் பரப்பு வரும். அதைப் பலகையின் பரப்பால் வகுத்துச் சுருக்கினால் இவ்வளவுதான்:

```
R = 0.81 * N * t / D
```

N என்பது கோடுகளின் எண்ணிக்கை. t நூலின் தடிப்பு, D ஆணி வட்டத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். R என்பது 1 என்றால், நூலையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் பலகை சரியாக மூடுபடும் என்று பொருள். ஆனால் நூல்கள் அப்படி ஒழுங்காக அடுக்குப்படுவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. அதனால் R 1 ஆக இருக்கும்போது உண்மையில் பலகையின் 63 சதவீதம் அளவில்தான் மூடுபடும். வெள்ளைப் பலகையில் கறுப்பு நூலால் முகம் செய்ய 0.8 இலிருந்து 1.1 வரை நான் எடுப்பேன். 1.5 ஐத் தாண்டினால் கன்னத்தின் வெளிச்சம் போய்விடும்.

நூலின் தடிப்பைக் கட்டையில் ஒட்டியிருக்கிற இலக்கத்தில் தேடாதீர்கள். அடிமட்டத்தை எடுத்து அதில் நூலை 50 சுற்றுச் சுற்றுங்கள். ஒரு சுற்று மற்றதைத் தொட்டுக்கொண்டு கிடக்க வேண்டும், மேலே ஏறக் கூடாது. மிகவும் இறுக்கினால் நூல் நசிந்து மெல்லியதாகத் தெரியும், ஆகவே படிய வைத்தால் போதும். சுற்றின் அகலத்தை அளந்து 50 ஆல் வகுத்தால் தடிப்பு. தங்கை மகனின் நூல் 11 மில்லிமீற்றர் அகலத்துக்கு வந்தது, அதாவது 0.22.

இப்போது கணக்கைப் போடுங்கள். 0.81 ஐ 4000 ஆலும் 0.22 ஆலும் பெருக்கி 400 ஆல் வகுத்தால் 1.78. பலகையில் 83 சதவீதம் மூடுபட்டுவிட்டது. அந்த நிரல் பெரிய பலகைக்குச் சரியாகத்தான் 4000 என்று வைத்திருக்கிறது. அதே நூலோடு பலகை 75 சென்ரிமீற்றர் என்றால் R 0.95 தான் வரும், படமும் நன்றாகவே வந்திருக்கும். சின்னப் பலகைக்கு அதே எண்ணிக்கையைப் போட்டதுதான் பிழை. 40 சென்ரிமீற்றருக்கு 2100 அளவில் நின்றிருக்க வேண்டும்.

இழுத்து முடித்ததை எறிய வேண்டியதில்லை. நிரல் ஒவ்வொரு கட்டத்திலும் அப்போது அதிகம் தேவையான கோட்டைத்தான் தெரிவு செய்கிறது. ஆகவே கடைசியில் வந்த கோடுகள்தான் பயன் குறைந்தவை. நூலின் கடைசி நுனியிலிருந்து பின்னோக்கி அவிழ்த்துக்கொண்டு வந்தால் படம் தானாக வெளுக்கும். அவன் வெறுங்கட்டை ஒன்றில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். ஒவ்வொரு நூறு கோட்டுக்கும் பலகையைச் சுவரில் சாய்த்து, அறையின் மற்றப் பக்கம் போய் நின்று பார்க்கச் சொன்னேன். 3000 வரை பெரிய மாற்றமில்லை. 2600 அளவில் மூக்கின் ஒரு பக்கம் தெளிந்தது. 2300 இல் கன்னம் திரும்பி வந்தது, அங்கே நிறுத்தி நூலைக் கட்டினோம். R கணக்கு அந்த இடத்தில் 1.02.

தலைமயிர் கட்டிக் கறுப்பு, முகத்தில் ஒன்றும் இல்லை. அல்லது எல்லாமே ஒரே சாம்பல்

இரண்டும் எதிரெதிரான அறிகுறிகள், காரணம் ஒரே இடத்தில். ஒரு கோட்டுக்கு நிரல் எவ்வளவு கறுப்பைக் கழிக்கிறது என்பதைத்தான் மேலே கோட்டு எடை என்றேன். எடை மிகக் குறைவு என்றால், தலைமயிர் ஏற்கெனவே கறுத்துவிட்டது என்பது நிரலுக்குத் தெரியாது. கறுப்பின் மேல் கறுப்பாக அங்கேயே ஓட்டிக்கொண்டிருக்கும். கன்னத்தின் நிழலுக்கு வரும்போது கோடுகள் தீர்ந்துவிடும். எடை கூடினால் நாலைந்து கோட்டிலேயே தலைமயிர் முடிந்துவிட்டதாக நினைத்து, மிச்சக் கோடுகளை முகம் முழுவதும் பரப்பும். தலைமயிரும் சாம்பல், முகமும் சாம்பல்.

அளவான எடையை எப்படி எடுப்பது? படத்தின் ஒரு பிக்சல் பலகையில் எத்தனை மில்லிமீற்றர் என்று பாருங்கள். 400 மில்லிமீற்றர் பலகைக்கு 500 பிக்சல் என்றால், ஒரு பிக்சல் 0.8 மில்லிமீற்றர். 0.22 நூல் அதில் கால் பங்குக்குச் சற்றுக் கூட, 0.275 பங்கை மூடும். முழுக் கறுப்பு 255 என்பதால் எடை 70 என்று போடத் தோன்றும். அப்படிப் போட்டால் படம் வெளிறும். 70 என்றால் நாலு கோட்டுக்குள் பிக்சல் கறுத்துவிட்டது என்று நிரல் நம்புகிறது. உண்மையில் அந்த நாலும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, 60 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் மூடியிருக்கும். கண்ணுக்கு அது கறுப்பாகத் தெரியாது. 92 சதவீதம் மூட வேண்டுமானால் இரண்டரை மடங்கு நூல் வேண்டும். ஆகவே கிடைத்த எண்ணை 2.5 ஆல் வகுங்கள்:

```
W = 255 * (t / p) / 2.5
```

p ஒரு பிக்சலின் அகலம், மில்லிமீற்றரில். இந்தப் பலகைக்கு W 28 வரும். தங்கை மகனின் நிரலில் 20 தான் இருந்தது. அதனால்தான் அவிழ்த்த பிறகும் கொண்டைப் பக்கம் தேவைக்கு அதிகமாகத் திணிந்து கிடந்தது. அவிழ்ப்பது கோட்டின் எண்ணிக்கையைத் திருத்தும், எடையைத் திருத்தாது. அதற்குப் புதிய வரிசை எடுத்து முதலிலிருந்து இழுக்க வேண்டும்.

இந்த 2.5 எல்லாப் படத்துக்கும் ஒரேயடியாகப் பொருந்தும் என்று எடுக்க வேண்டாம். முன்னோட்டம் ஒன்று பார்த்துவிட்டால் நூல் வீணாகாது. நிரல் காட்டுகிற படம் அனேகமாக மென்மையான, பாதி ஊடுருவித் தெரிகிற கோடுகளால் ஆனது, அதைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஆணி வரிசையை வைத்து, ஒரு பிக்சல் ஒரு நூலுக்குச் சமமாக வருகிற பெரிய படம் ஒன்றை வரையுங்கள். 400 ஐ 0.22 ஆல் வகுத்தால் 1818, ஆகவே 1820 பிக்சல் அகலம். கோடு ஒரு பிக்சல் தடிப்பு, முழுக் கறுப்பு, ஓரத்தை மென்மையாக்காமல். அதைத் திரையில் முழு அளவில் வைத்துவிட்டுத் தூரப் போய்ப் பாருங்கள். கணினியில் சிறிதாக்கிப் பார்க்க வேண்டாம்; சிறிதாக்கும்போது பெரும்பாலான மென்பொருட்கள் உள்ளதைவிடக் கறுப்பாகவே காட்டும். அச்சடித்துச் சுவரில் ஒட்டினால் இன்னும் நல்லது.

முகம் தெரிகிறது, கண் தெரியவில்லை

இப்போதுதான் ஆணி எண்ணிக்கை வருகிறது. ஆனால் உடனே 240 ஐ 360 ஆக்கப் போகாதீர்கள். முதலில் கருவிழியின் அளவை ஆணி இடைவெளியோடு ஒப்பிடுங்கள்.

40 சென்ரிமீற்றர் வட்டத்தின் சுற்றளவு 1257 மில்லிமீற்றர். 240 ஆணி என்றால் இடைவெளி 5.2 மில்லிமீற்றர். வளர்ந்தவர்களின் கருவிழி ஏறக்குறைய எல்லோருக்கும் 12 மில்லிமீற்றர் அகலம். நெற்றி மயிரிலிருந்து நாடி வரை முகம் 18, 19 சென்ரிமீற்றர் இருக்கும். பலகையில் அந்த முகத்தை 28 சென்ரிமீற்றருக்கு வைத்தால் கருவிழி 18 மில்லிமீற்றராகும், மூன்று இடைவெளிக்கு மேல். நன்றாக வரும். மார்பளவுப் படத்தை அப்படியே வைத்து முகம் 11 சென்ரிமீற்றருக்குச் சுருங்கினால் கருவிழி 7 மில்லிமீற்றர், ஒன்றேகால் இடைவெளி. அந்த இடத்தில் கறுப்புக் கறை ஒன்றுதான் கிடைக்கும், பார்வை கிடைக்காது. என் அளவுகோல்: கருவிழி இரண்டரை இடைவெளிக்குக் குறையக் கூடாது.

ஆகவே மருந்து வெட்டுவதில் இருக்கிறது. சேலை, நகை, தோள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகத்தால் வட்டத்தை நிரப்புங்கள். கலியாணப் படத்திலிருந்து இருவரையும் ஒரே வட்டத்தில் கேட்பார்கள். 40 சென்ரிமீற்றரில் அது முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இந்த முறையைப் பலருக்குத் தெரிய வைத்த கிரேக்கக் கலைஞர் பெற்றோஸ் விறெல்லிஸ் 2016 இல் காட்டிய படைப்புகளில் 28 அங்குல வட்டத்துக்கு 200 முளைகள்தான் இருந்தன, கோடுகள் 3000 இலிருந்து 4000 வரை. அங்கே இடைவெளி 11 மில்லிமீற்றருக்கு மேல். ஆனாலும் முகம் வட்டத்தை நிரப்பி நின்றது.

ஆணியைக் கூட்டினால் வேறு தொல்லையும் வரும். 40 சென்ரிமீற்றரில் 360 ஆணி என்றால் இடைவெளி 3.5 மில்லிமீற்றர். ஆணியின் தடிப்பு 1.4 என்றால் நடுவில் இரண்டு மில்லிமீற்றர்தான் மிச்சம். பேனைக் குழாய்க்குள் நூலை விட்டு இழுப்பவர்களுக்கு அந்தக் குழாயே போகாது. 240 எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒரு ஆணிக்குச் சரியாக ஒன்றரைப் பாகை. பாகைமானியை வைத்தே அடையாளமிடலாம்.

விளிம்பைச் சுற்றிக் கறுப்பு வளையம்

கிட்டப் போய் நூலைப் பாருங்கள். வளையத்தில் கிடக்கும் நூல்கள் விளிம்போடு சேர்ந்து, பக்கத்து ஆணிகளுக்கு இடையே குட்டையாக ஓடுகின்றனவா? அப்படியென்றால் நிரலில் குறைந்தபட்ச ஆணித் தூரம் வைக்கப்படவில்லை. கோட்டின் சராசரிக் கறுப்பைப் பார்த்துத் தெரிவு செய்கிற நிரலுக்கு, கரும் பின்னணியில் குட்டைக் கோடுகள் மிகவும் பிடிக்கும், முழுவதும் கறுப்பின் மேல் ஓடலாம் அல்லவா. 240 ஆணிக்கு 20 ஆணியாவது தள்ளித்தான் அடுத்தது வர வேண்டும் என்று போடுங்கள்.

குட்டை நூல் இல்லை, ஆனாலும் விளிம்பு சாம்பலாக இருக்கிறது என்றால் அது பிழையல்ல. 2300 கோட்டுக்கு 4600 நுனி. ஒவ்வொன்றும் 0.22 என்றால் ஒரு மீற்றருக்கு மேல். விளிம்பே 1.26 மீற்றர்தான். எல்லா நூலும் அந்த வாசலால்தான் உள்ளே வர வேண்டும். வெள்ளைப் பின்னணி இந்த முறையில் கிடைக்காது. ஸ்டூடியோ படத்தில் பின்னணி பளிச்சென்று வெள்ளையாக இருந்தால், முதலே அதை நடுச் சாம்பலாக்கிவிடுங்கள். நரைத்த தலைமயிர் விளிம்பைத் தொடாமல், சுற்றிவரச் சாம்பல் விட்டு வையுங்கள். அப்போது விளிம்பில் சேருகிற நூல் படத்துக்கு வேலை செய்யும்.

முகம் ஒரு பக்கம் சரி, மறுபக்கம் கோணல்

கறுப்பு நூல் ஒன்றுதான் என்பதால், கோடுகள் எந்த ஒழுங்கில் விழுந்தாலும் முடிவில் படம் ஒன்றேதான். கறுப்பின் மேல் கறுப்பு, எது முதல் விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. வரிசை முக்கியமாவது மூன்று காரணத்துக்கு: நூல் அறாமல் தொடர வேண்டும், எங்கே நிறுத்தினாலும் அதுவரை நல்ல கோடுகள்தான் இருக்க வேண்டும், இழுப்பவருக்குக் கணக்குத் தப்பக் கூடாது.

பட்டியலில் ஒரு ஆணியைத் தவற விட்டால் பெரிய சேதமில்லை. போக வேண்டிய இரண்டு கோட்டுக்குப் பதில் ஒரு பிழைக் கோடு விழும், அடுத்த ஆணியில் திரும்பவும் வரிசையோடு சேர்ந்துவிடுவீர்கள். ஆயிரக்கணக்கில் ஒன்று தெரியாது, அவிழ்க்க வேண்டாம்.

முகம் கோணலாவது ஆணி இலக்கம் பிழைக்கும்போது. எழுதும்போது 87 ஐ இரண்டு ஆணிக்கு எழுதிவிட்டால், அதற்குப் பிறகு வருகிற எல்லா ஆணியும் ஒரு இடம் தள்ளிப்போகும். அந்தப் பக்கத்தைத் தொடுகிற ஒவ்வொரு கோடும் சரியும். நூல் கட்ட முன்பே சோதிக்கலாம்: 0 இலிருந்து 120 க்கு ஒரு நூல், 60 இலிருந்து 180 க்கு இன்னொன்று. இரண்டும் பலகையின் நடுப் புள்ளியில் செங்குத்தாக வெட்ட வேண்டும். பிறகு 30 இலிருந்து 150 க்கும், 90 இலிருந்து 210 க்கும். எது நடுவை விட்டு விலகுகிறதோ, அந்த நூல் இணைக்கிற இரண்டு இலக்கங்களுக்கும் இடையில் தேடுங்கள்.

முகம் கோணலில்லை, வகிடு மட்டும் மறுபக்கம் போய்விட்டது என்றால், நிரல் வலஞ்சுழியாக எண்ண நீங்கள் இடஞ்சுழியாக எழுதியிருக்கிறீர்கள். முகத்தில் மச்சம் இருந்தால் வீட்டுக்காரர் உடனே கண்டுபிடிப்பார்கள்.

முதலில் இழுத்த நூல்கள் பிறகு தளர்ந்து தொங்குகின்றன

நூல் கூடக் கூட ஆணிகள் உள்ளே சாய்கின்றன. மெல்லிய பலகையில், சின்ன ஆணியில் இது விரைவாக நடக்கும். 18 மில்லிமீற்றர் பிளைவூட் போடுங்கள், ஒரு அங்குல ஆணியில் பாதிக்கு மேல் உள்ளே போகட்டும். வெளியே 10 மில்லிமீற்றராவது நிற்க வேண்டும்: 2300 கோட்டில் ஒரு ஆணிக்குச் சராசரியாகப் பத்து முறை நூல் வரும், முகத்துக்கு நேரே நிற்கிற ஆணிகளுக்கு அதைவிட நன்றாகக் கூட. உயரம் போதாவிட்டால் மேல் நூல் வழுக்கிக் கழன்றுவிடும்.

இழுவை, நூல் நேராக நிற்கிற அளவுக்குப் போதும். விரலால் தட்டினால் அதிரத் தேவையில்லை. ஆணி ஏற்கெனவே சாய்ந்துவிட்டால் குறட்டால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள், பக்கத்து நூல்கள் அறும். தொங்குகிற நூல் சிலதுதான் என்றால், அடுத்து அந்த ஆணிக்கு வரும்போது அதையும் சேர்த்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பிடிக்கலாம். பருத்தி நூலை விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாரியில் இழுத்தது பங்குனி வெயிலில் அதே இறுக்கத்தில் இராது. பொலியெஸ்டர் அவ்வளவு மாறாது. மினுமினுக்காத நூலாகப் பார்த்து எடுங்கள், மினுங்கும் நூலில் யன்னல் வெளிச்சம் பட்டால் அந்தப் பக்கத் தலைமயிர் வெள்ளையாகத் தெரியும்.

நூல் எவ்வளவு வேண்டும் என்பதும் இதே கணக்குத்தான். 2300 கோட்டுக்கு ஒவ்வொன்றும் சராசரி 25.5 சென்ரிமீற்றர் என்றால் 590 மீற்றர் அளவில் வரும். நடு முகத்தால் போகிற கோடுகள் நீளம் என்பதால் 700 மீற்றர் கையில் இருக்கட்டும். சின்னக் கட்டைகளாக வாங்கினால் முடிச்சுக்கள் கூடும். ஒரே பெரிய கோனாக வாங்குங்கள், முடிச்சுப் போட நேர்ந்தால் ஆணியோடு ஒட்டிப் போடுங்கள்.